ஆறு மணிக்குப் போய் ஆறு மணிக்கே வரணுமாம்

புது ஷிப்ட் சார்ட் ஒட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் ஏ குரூப்புக்கு புதன்கிழமை நைட் டூட்டி நடுவில்தான் வந்தது. நோட்டீஸில் தேதி செவ்வாய் 26. ஒட்டியது புதன் சாயங்காலம். ஆட்சேபணை இருந்தால் நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று நாளுக்குள் ஆபீஸில் எழுத்துமூலம் தரவேண்டுமாம். ஆபீஸ் திறப்பது காலை 9 மணிக்கு. நைட் குரூப் வீட்டுக்குப் போவது 6 மணிக்கு. டி குரூப்போ அந்த வாரம் முழுக்க லீவில் இருக்கிறது. ஆக, ஆட்சேபணை சொல்ல வேண்டியவன் தூங்கும்போது வாங்குகிற ஜன்னல் திறந்திருக்கும். இதை யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்று இன்னும் பட்டிமன்றம் ஓடுகிறது.

காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு." அவ்வளவுதான். அந்த ஒரு வரி விடிவதற்குள் குட்டி போட ஆரம்பித்துவிட்டது. ஓ.டி.யை வெட்டப் போகிறார்கள் என்றார் ஒருவர். ஒரு குரூப்பையே தூக்கப் போகிறார்கள் என்றார் இன்னொருவர். நான்கு மணி வாக்கில் கம்பெனி கைமாறி, புது முதலாளிக்கு எந்தப் பக்கம் வகிடு என்பது வரை வந்துவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், சார்ட் உண்மையில் நல்ல சார்ட். பழையது வாரத்துக்கு ஒரு ஷிப்ட். அதுவும் பின்னாலிருந்து முன்னால் வரும். ஏழு நைட், அப்புறம் ஏழு மதியம், அப்புறம் ஏழு காலை, பிறகு ஒரு வாரம் லீவு. ஷிப்ட் மாறுகிற திங்கட்கிழமைதான் எமன். காலை 6 மணிக்கு நைட் முடித்து, அன்றைக்கே மதியம் 2 மணிக்குத் திரும்ப வரணும். நடுவில் எட்டு மணி நேரம். அதில்தான் வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, படுத்து, தூக்கம் வராமல் மின்விசிறியை எண்ணி, கண் செருகும்போது அலாரம் அடித்து, எழுந்து ஓடிவரணும். அடுத்த வாரம் மதியத்திலிருந்து காலைக்கு மாறும்போதும் அதே எட்டு மணி நேரம்தான்.

புதியது இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு நைட், இரண்டு நாள் லீவு. எட்டு நாளில் ஒரு சுற்று. ஷிப்ட் மாறும் ஒவ்வொரு தடவையும் 24 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. நம் உடம்புக்குள் ஓடுகிற கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணிக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதை அது பொறுத்துக்கொள்ளும், முன்னால் இழுத்தால்தான் முரண்டு பிடிக்கும். வேலை நேரமும் கூடவில்லை: எட்டு நாளில் 48 மணி, வாரத்துக்குச் சராசரி 42. பழையதும் அதே 42தான். இதை நான்கு வரியில் நோட்டீஸில் போட்டிருந்தால் ஆளாளுக்குக் கைதட்டியிருப்பார்கள். போடவில்லை. நல்லது செய்கிறபோதுகூட முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டால்தான் நிர்வாகம் போலிருக்கிறது.

சரி, நல்ல சார்ட்தானே என்று என் வரிசையில் விரலை வைத்தேன். அமல் தேதி திங்கள் 1. ஏ குரூப்: காலை ஷிப்ட், 6 மணி.

31-ஆம் தேதி ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏ குரூப் நைட் ஏறுகிறது. முடிவது திங்கள் காலை 6 மணிக்கு. அதாவது கேட்டில் கார்டு தேய்த்து வெளியே போய், அதே காலோடு திரும்பி மறுபடி தேய்த்து உள்ளே வரணும். மதியம் 2 மணி வரை மொத்தம் 16 மணி நேரம். எனக்கு நானே சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். லாக் புக்கில் "ஒப்படைத்தவர்", "பெற்றுக்கொண்டவர்" இரண்டிலும் என் கையெழுத்து. இரவு என்ன பிரச்சினை என்று என்னையே நான் கேட்டு, எனக்குத் தெரியாது என்று நானே சொல்லவேண்டும்.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல க்ளாஷ் எதுவும் காட்டலையேப்பா" என்றார். எப்படிக் காட்டும்? நைட் 31-ஆம் தேதிக் கட்டத்தில் நிற்கிறது. காலை ஷிப்ட் 1-ஆம் தேதிக் கட்டத்தில். ஒன்று 6-க்கு முடிகிறது, மற்றது 6-க்குத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் தூங்குவதில்லை, அதற்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

பழைய சார்ட்டின் கடைசிப் பத்தியைக் கத்தரித்து, புது சார்ட்டின் முதல் பத்திக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். விஷயம் பளிச்சென்று விளங்கியது. பி குரூப் ஞாயிறு காலை ஷிப்ட், திங்கள் மதியம்: 24 மணி நேரம் இருக்கிறது. சி குரூப் ஞாயிறு மதியம், திங்கள் இரவு: அதுவும் 24. டி குரூப் ஞாயிறோடு ஒரு வார லீவு முடிந்து, திங்கள் செவ்வாயும் லீவு. ஆக மொத்தம் ஒன்பது நாள்! தயாரித்தவர் ஞாயிறைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று வரிசையாக நிரப்பியிருக்கிறார். ஏ-வையும் டி-யையும் இடம் மாற்றினால் போதும். நைட் முடித்த ஏ லீவுக்குப் போகும், ஓய்ந்து இருக்கிற டி காலைக்கு வரும். மற்ற இரண்டு குரூப்பையும் தொடவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் 9 வரை உட்கார்ந்து மனு கொடுத்தேன். கஷ்டம், குடும்பச் சூழ்நிலை, உடல்நிலை எதுவும் எழுதவில்லை. அதற்கெல்லாம் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே முத்திரைதான். ஞாயிறு இரவு 10, திங்கள் காலை 6, திங்கள் மதியம் 2, நடுவே இடைவெளி பூஜ்யம், ஏ-டி இடம் மாற்றினால் தீரும்: ஐந்தே வரி. கீழே வெட்டி ஒட்டிய துண்டுச் சீட்டு. வாங்கிய கிளார்க் தம்பி இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணே, இது அப்படியே மூடிக்கிட்டுப் போனா டி குரூப்புக்கு ஒன்பது நாளா?" என்றான். அவன் மச்சான் டி குரூப்.

சாயங்காலமே திருத்திய நோட்டீஸ் வந்துவிட்டது. காரணம்: நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு. ஆட்சேபணை பற்றிய பாராவையே காணோம். போன தடவை பட்டது போதும் என்று எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் சார்ட்டைக் காட்டினேன். என் மனைவி காலண்டரை எடுத்துவந்து, சார்ட் போட்டவர் போடாத கணக்கைப் போட்டாள். லீவு வாரா வாரம் ஒரு நாள் தள்ளிப் போகும். எட்டு வாரத்தில் இரண்டு ஞாயிறு கிடைக்கும், பழையதிலும் அதே இரண்டுதான். சனி ஞாயிறு சேர்ந்து வருவதும் முன்பு இரண்டு தடவை, இனி ஒரே தடவை. "நைட் முடிச்சு வர்ற நாளை லீவுன்னு எழுதியிருக்காங்க. அன்னைக்குப் பாதி நாள் தூங்கிடுவீங்க. அது எப்படி லீவு?" என்றாள். பதில் இல்லை. "அந்த ஒரு வாரம் முழுசா வீட்ல இருப்பீங்களே, அது போச்சா?" என்றாள். இதற்கும் இல்லை. குழாய் ரிப்பேர் முதல் பையன் கணக்குப் பாடம் வரை அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் நோட்டீஸ் தரவில்லை.

ஞாயிறு சாயங்காலம், நைட்டுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் கண் அசந்தபோது போன். டி குரூப் பெரியவர். முதல் நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, அதை நம்பி திங்கள் செவ்வாய்க்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டாராம். "திருத்தினவனுக்குக் கை விளங்காமப் போக" என்று தொடங்கி ஒரு பாட்டம் முடித்துவிட்டு, "உங்களைத்தான் கேக்கணும்னு சொன்னாங்க. மனுவெல்லாம் நீங்கதான் நல்லா எழுதுவீங்களாமே?" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு தடவை ஒட்டியதை மூன்று நாளில் மாற்றினால், நம்பி ஏற்பாடு செய்தவன் எங்கே போவான்?

அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். முதல் நோட்டீஸ் தேதி, இரண்டாவது நோட்டீஸ் தேதி, டிக்கெட் போட்ட நாள், தனக்குப் பதில் டூட்டி பார்க்க ஒத்துக்கொண்டவர் பெயர், எல்லாம் வரிசையாக. படித்துக் காட்டினேன். பெரியவருக்கு ரொம்பத் திருப்தி. முடிவில் "ஏ குரூப்புக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.