மாணவர் சந்தைக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்
வெள்ளிக்கிழமை மாணவர் சந்தை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கடை, 500 ரூபாய் இட வாடகை, 2500 ரூபாய் கைமாற்று. கூடவே ஒரு விதி: வீட்டிலிருந்து எது வந்தாலும் கடை விலையைத் துண்டில் எழுதிக் கடைப் பெட்டியில் போட வேண்டும்.

என் தரம் 9 தேசிக்காய்த் தண்ணி விற்கிறது. ஒருத்தியின் வளவில் தேசிக்காய், ஒருவனின் அப்பாவிடம் பலசரக்குக் கடை. "சும்மா வாறதுக்கு ஏன் சேர் விலை?" என்று கேட்டார்கள். அந்தத் தேசிக்காயைச் சந்தையில் கொடுத்தால் காசு வரும்தானே என்றேன். அரைமனதோடு எழுதினார்கள்: தேசிக்காய் 1500, சீனி 1000.

மார்ச் 6, வியாழன்
ஐஸ் 600, கப் 900. மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் மலிவு என்று ஒருவன் யோசனை சொன்னான். குடிக்கிறதுக்கு அது ஆகாது. வாடகையோடு கையிலிருந்து போனது 2000, மிச்சம் 500 சில்லறைக்கு. துண்டுகளையும் சேர்த்தால் செலவு 4500. கப் 75 என்றால் 60 கப் விற்றால்தான் முதல் திரும்பும். அந்த 60ஐப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தோம்.

மார்ச் 7, வெள்ளி
திருகோணமலை வெயில் எங்கள் பக்கம். பன்னிரண்டரைக்குள் 68 கப் போனது. அப்புறம் ஐஸ் உருகிச் சுவை நீர்த்தது, வரிசையும் கலைந்தது. விலையை 50 ஆக்கலாமா என்று சண்டை. கரைத்தது கரைத்ததுதான், ஊற்றினால் ஒரு சதமும் வராது, 50 வந்தாலும் லாபம் என்றேன். இன்னும் 22 போனது, பத்துக் கப் வீண்.

பக்கத்தில் தரம் 10க்கு வறுத்த கச்சான் பைகள் மிஞ்சின. அவர்களுக்குக் கவலையில்லை, திங்கள் இடைவேளையில் விற்கலாம். மிஞ்சிய சரக்கெல்லாம் நட்டமில்லை என்பதை எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் பொறாமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டியில் 6700. கைமாற்றைத் திருப்பினோம், 4200 மிச்சம். "நாலாயிரத்து இருநூறு லாபம்!" என்று ஒரே கூச்சல். துண்டுகளை எடுக்க யாருக்கும் மனமில்லை.

மார்ச் 10, திங்கள்
துண்டுகளைக் கரும்பலகையில் ஒட்டினேன். விற்பனை 6200, அதாவது 5100ம் 1100ம். செலவு 4500. லாபம் 1700. இரண்டு வீடுகளும் கொடுத்த 2500ம் வெள்ளிக்கிழமை லாபம் போலத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அந்த மரம் காய்க்காவிட்டால் அதே விலைக்கு விற்க முடியுமா என்று கேட்டதும் வகுப்பு கணக்கைத் திரும்பப் பார்த்தது.

பின்வாங்கிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள். "சேர், நாங்கள் எட்டுப்பேர் நாலு மணித்தியாலம் நின்றோமே, எங்கட கூலி?" நான் கணக்கில் சேர்க்காததை அவள் கேட்டுவிட்டாள். 1700ஐ 32ஆல் வகுக்கச் சொன்னேன். மணித்தியாலத்துக்கு 53 ரூபாய். "ஒரு கப் தேசிக்காய்த் தண்ணிக்கே காணாது" என்றாள். அடுத்த சந்தையில் கூலிக்கும் ஒரு துண்டு போடுவதென்று முடிவானது.