ரெஸ்யூமில் இருந்த "அட்வான்ஸ்டு எக்செல்" என்ற வரியை நான் எடுத்த கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நாலு வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ரெஸ்யூமில் டேலி, அதற்குக் கீழே "அட்வான்ஸ்டு எக்செல்" என்று ஒரு வரி. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த சான்றிதழில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே போட்டுவிட்டேன்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோது எதிரில் இருந்த அக்கவுன்ட்ஸ் மேனேஜர் அந்த வரியில் பேனாவை வைத்து, "இதுல உங்களுக்கு என்னென்ன வரும் தம்பி?" என்று கேட்டார். "எல்லாம் வரும் சார்" என்றேன். அவர் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். ஒரு ஷீட்டில் ஐட்டம் கோடுகள், இன்னொன்றில் கோடும் விலையும். விலையைக் கொண்டுவரச் சொன்னார். விலுக்அப் போட்டேன், நிமிஷத்தில் எல்லா வரியிலும் விலை வந்துவிட்டது. "ஒன்பதாவது வரியை மட்டும் கண்ணால பாருங்க" என்றார். பார்த்தால் வேறு ஐட்டத்தின் விலை அங்கே இருக்கிறது. நான் கடைசியில் `FALSE` போடவில்லை. அதை விட்டால் எக்செல் பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேடும், பட்டியல் கலைந்து கிடந்தால் பிழை எதுவும் காட்டாமல் தப்பான விலையைக் கொடுத்துவிடும். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை அந்த ஒன்பதாவது வரிதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே அந்த வரியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: என் கடையில் மாசாமாசம் நான் செய்கிற ஒரே ஒரு வேலையை எடுத்து, அதை முழுக்க எக்செல்லில் செய்து முடிப்பது, அதில் எனக்குக் கை வந்ததை மட்டும் எழுதுவது. எடுத்த வேலை, எங்கள் பர்ச்சேஸ் பதிவேட்டை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. போர்ட்டலின் 2பி பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது. 2பி மாதம் 14-ஆம் தேதி வரும், 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்ய 20 கடைசி. நடுவில் இருக்கும் நாட்களில் பில் பில்லாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சிக்கல் பில் நம்பர். 125 என்ற நம்பரில் ரெண்டு சப்ளையர் பில் போட்டிருப்பார்கள், அதனால் நம்பரை மட்டும் வைத்துத் தேட முடியாது. ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரு சாவி செய்தேன்:

```
=A2&"-"&TRIM(B2)
```

பில் நம்பருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் பில் இருந்தும் `#N/A` வரும், அதற்குத்தான் `TRIM`. அப்படியும் சில வரி பிடிவாதமாக நின்றது. `=LEN(B2)` போட்டுப் பார்த்தேன், ஆறு எழுத்து நம்பருக்கு ஏழு காட்டியது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் வரும் வேறு வகை இடைவெளி அது, `CHAR(160)`. `TRIM` அதைத் தொடாது, `SUBSTITUTE` வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரெண்டாவது சிக்கல்தான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்தால் எங்கள் சாப்ட்வேர் அதை ரெண்டு வரியாகத் தரும். லுக்அப் முதலில் கண்ணில் பட்ட வரியோடு நின்றுவிடும், அடுத்த வரி இருப்பதே அதற்குத் தெரியாது. ஆக பாதித் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு "வித்தியாசம்" என்று நாம் சப்ளையருக்குப் போன் போடுவோம். அதனால் முதலில் பதிவேட்டில் ஒரு பிவட் டேபிள்: சாவியை வரிசையில் வைத்து, வரித்தொகையைக் கூட்டல். இப்போது ஒரு பில்லுக்கு ஒரே வரி. 2பி பக்கமும் அதேபோல் ஒரு பிவட், அப்புறம்தான் ரெண்டுக்கும் நடுவே லுக்அப். முதல் தடவை பிவட்டில் தொகைக்குப் பதிலாக எண்ணிக்கை வந்து நின்றது. அந்தப் பத்தியில் சில எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருந்ததால் எக்செல் தானாகவே `Count` எடுத்துக்கொண்டது. கையால் `Sum` என்று மாற்றினால் மட்டும் போதாது, எழுத்தாக இருக்கும் எண்ணைக் கூட்டலில் சேர்க்காது, முதலில் அந்தப் பத்தியை எண்ணாக மாற்ற வேண்டும்.

மூணாவது சிக்கல் மேக்ரோ. சாவிப் பத்தி போடுவதை ரெக்கார்ட் செய்து வைத்திருந்தேன். அடுத்த மாசம் ஓட்டினேன், பிவட்டில் கடைசியாக blank என்று ஒரு வரி, அதில் கணிசமான தொகை. உள்ளே போய்ப் பார்த்தால் ரெக்கார்டர் `E2:E143` என்று அந்த மாசத்து அளவையே எழுதி வைத்திருக்கிறது, இந்த மாசம் 171-ஆவது வரி வரை போகிறது, கடைசி 28-க்குச் சாவியே விழவில்லை. திருத்தியது இவ்வளவுதான்:

```
lastRow = Cells(Rows.Count, 1).End(xlUp).Row
Range("E2:E" & lastRow).FillDown
```

இத்தனைக்கும் பிறகு ஒத்துப்போகாமல் நிற்பவை இருக்கும். சப்ளையர் INV/0125 என்று போர்ட்டலில் ஏற்றியிருப்பார், நம் ஆள் 125 என்று பதிந்திருப்பார். அதற்கு ஃபார்முலா தேட வேண்டாம், மிச்சம் இருக்கும் பத்துப் பதினைந்து வரியைக் கண்ணால் பார்ப்பதே சரி. ஒன்றரை நாள் எடுத்த வேலை இப்போது ரெண்டு மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம் ரெஸ்யூமில் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி: பிவட் டேபிள் மூலம் பர்ச்சேஸ் பதிவேட்டை பில் வாரியாகத் தொகுத்து 2பி-யோடு ஒப்பிடுவேன், விலுக்அப், இண்டெக்ஸ்-மேட்ச் இரண்டும் போடுவேன், `#N/A` வந்தால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வேன், ரெக்கார்ட் செய்த மேக்ரோவை மாறும் வரி எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்துவேன். மேக்ரோ "எழுதுவேன்" என்று போடவில்லை. முதலிலிருந்து ஒரு நிரல் எழுத எனக்கு வராது, கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

அடுத்த இன்டர்வியூ வில்லியனூர் பக்கம். அங்கே இருந்த மேடம் அந்த வரிகளைப் படித்துவிட்டு, "எங்ககிட்ட எக்செல் 2016தான், எக்ஸ்லுக்அப் கிடையாது. சாவி வலது பக்கம் இருந்தா என்ன செய்வீங்க?" என்றார். இண்டெக்ஸ்-மேட்ச் போட்டுக் காட்டினேன். "ஒரு பில் ரெண்டு வரியா வந்தா?" என்று அவரே கேட்டார். அதற்கு நான் ரொம்ப நேரம் பேசினேன். கேள்விகள் என் வரிகளிலிருந்தே வந்தன, அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலேயே பேச்சு நின்றது.

சேர்ந்த முதல் மாசம் பதிவேட்டில் `=LEFT(A2,2)` போட்டு ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் ரெண்டு இலக்கத்தைப் பிரித்து பிவட்டில் வைத்தேன். புதுச்சேரி 34, தமிழ்நாடு 33. 33 எங்களுக்கு வெளிமாநிலம், அதனால் அந்த வரிசையில் ஐ.ஜி.எஸ்.டி. மட்டும்தான் இருக்க வேண்டும், அங்கே சி.ஜி.எஸ்.டி. பத்தியிலும் ஒரு தொகை நின்றது. அதன்மேல் டபுள் கிளிக் செய்தால் ரெண்டு பில், ரெண்டும் கடலூர் சப்ளையர். சுமார் 25 கிலோமீட்டர்தானே, பதிந்தவர் உள்ளூர் என்று நினைத்திருக்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தோம், சப்ளையர் ஐ.ஜி.எஸ்.டி.தான் போட்டிருந்தார், என்ட்ரிதான் தவறு. 18-ஆம் தேதியே திருத்திவிட்டோம்.