வீட்டுப்பாடத்தை ஒரே பிடிஎஃப்பாக அனுப்புவது: மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு, ஐந்து பக்கம்

பள்ளிச் சுற்றறிக்கையில் இருந்தது நாலே வரி. வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து, எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, 5 எம்பிக்கு மிகாமல், வகுப்பு, வரிசை எண், பாடம் என்று பெயரிட்டு வகுப்பு ஆசிரியரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். எப்படி என்று அதில் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் செய்து முடித்த வழி இது.

சாதாரணக் கேமராவில் எடுக்க வேண்டாம். ஒரு படமே 3, 4 எம்பி வரும். ஐந்து பக்கம் சேர்ந்தால் 5 எம்பியை எளிதாகத் தாண்டிவிடும். நோட்டைச் சுற்றியிருக்கும் தரையும் விரலும் படத்தில் விழும். சில வீடுகளில் இன்னும் கேம்ஸ்கேனரைத் தேடுகிறார்கள். 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. புதிதாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் டிரைவ் ஏற்கெனவே இருக்கும். அதைத் திறந்தால் கீழே வலப்பக்கம் ஒரு கேமரா சின்னம் தெரியும். ஸ்கேன் அதில்தான்.

பாதி வேலை நோட்டை வைக்கும் இடத்தில் இருக்கிறது. வெள்ளைத் தரையிலோ வெளிர் நிற மேசையிலோ வைத்தால் தாளின் ஓரம் எது என்று செயலிக்குப் புரியாது. பக்கத்தைக் கோணலாக வெட்டிவிடும். அடர் நிறப் போர்வையோ பாயோ விரித்து அதன்மேல் வையுங்கள். தலைக்கு மேல் டியூப்லைட் எரியும்போது குனிந்து எடுத்தால் போனின் நிழலும் நம் தலையின் நிழலும் சரியாகக் கணக்கின் மேலேயே விழும். பகலில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்கார்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபிளாஷ் போட்டால் தாளின் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும், அதனால் அதை அணைத்துவிடுங்கள். நோட்டின் தையல் பக்கம் மேடாக எழும்பி நிற்கும். அங்கே தொடங்கும் எழுத்துகள் வளைந்து குறுகிவிடும். இன்னொருவர் தாளின் வெளி ஓரத்தை விரல் நுனியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

செயலி தானாகவே படம் பிடிக்கும். பக்கம் படியும் முன்பே ‘க்ளிக்’ ஆகிவிட்டால் மங்கலாக வரும். அதனால் தானியங்கியை மாற்றி, பொத்தானை நாமே அழுத்துவது நல்லது. பக்க எண் வரிசையிலேயே எடுங்கள்.

அதிகம் பேர் தவறுவது அடுத்த கட்டத்தில். ஃபில்டரில் கறுப்பு-வெள்ளையைத் தேர்ந்தால் தாள் பளிச்சென்று தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது பென்சிலில். அந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாகத் தீர்த்துவிடும். பென்சிலின் சாம்பல் நிறம் வெள்ளைப் பக்கம் போய்விடும். கடன் வாங்கிக் கழிக்கும்போது மேலே சின்னதாகப் போட்ட ‘1’ காணாமல் போகும். விடை சரி, வழி இல்லை என்று ஆசிரியர் நினைப்பார். பென்சில் என்றால் கலரிலேயே விடுங்கள்.

நோட்டைக் கீழே வைத்து நேர் மேலிருந்து எடுக்கும்போது போனுக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. அதனால் ஐந்தில் ஒன்றிரண்டு பக்கம் படுத்துக்கொண்டு வரும். சேமிக்கும் முன்பே ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுத் திருப்பிவிடுங்கள். மங்கலான பக்கத்தை அங்கேயே நீக்கி மறுபடி எடுக்கலாம். சேமித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

சேமிக்கும்போது தேதியும் நேரமுமாக ஒரு பெயர் தானாக வரும். அதை அழித்துவிட்டு `3B_12_Maths` என்று எழுதுங்கள். டிரைவில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோக்களும் அதையேதான் பங்கு போடுகின்றன. அது நிரம்பியிருந்தால் கோப்பு மேலேறாது, பழையதை அழிக்க வேண்டும்.

அனுப்பும்போது கோப்பின் மூன்று புள்ளியைத் தொட்டு `Send a copy` என்பதைத் தேர்ந்து வாட்ஸ்அப்புக்குப் போங்கள். `Share` கொடுத்தாலோ லிங்கை நகலெடுத்தாலோ கோப்பு போகாது, அதன் முகவரிதான் போகும். ஆசிரியர் தொட்டால் அனுமதி கேட்கச் சொல்லும். நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்துபவர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் கோப்பின் கீழே சின்ன எழுத்தில் பக்க எண்ணிக்கையும் அளவும் தெரியும். அங்கே `5 pages` என்று இருக்க வேண்டும். நான்கு என்று இருந்தால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. விட்ட பக்கத்தைத் தனியாக அனுப்பாமல், செய்தியை எல்லோருக்கும் அழித்துவிட்டு ஐந்தையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.