சான்றிதழில் கொம்பு இடம் மாறிய கதை

140 பேருக்குப் பங்கேற்புச் சான்றிதழ். பெயர்ப்பட்டியல் கையில் இருக்கிறது, பைத்தானில் fpdf2 வைத்துப் பிடிஎஃப் எடுத்தால் அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் போனது.

முதலில் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த அலங்கார ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே இல்லை. இதை fpdf2 திரையில் எச்சரிக்கையாகவே சொல்லியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. Noto Sans Tamil போட்டதும் கட்டம் போய்விட்டது.

அப்புறம்தான் வினை. செந்தில் என்ற பெயரில் கொம்பு ச-வைத் தாண்டிப் போய் ந-வுக்கு முன்னால் நின்றது. குமாரில் க தனி, உகரச் சுழி தனி. ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நான்கு ஃபான்ட் மாற்றிப் பார்த்தேன். அது வெட்டி வேலை. யூனிகோடில் செ என்பது ச முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் இழுத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலின் வேலை. உலாவி அதைத் தானாகச் செய்துவிடும். fpdf2-வில் நாம்தான் கேட்க வேண்டும். `pip install uharfbuzz` கொடுத்துவிட்டு, எழுதும் இடத்துக்கு முன்னால் ஒரு வரி:

```
pdf.set_text_shaping(True)
```

செந்தில் செந்திலானார். ஆனால் அதுவரை ஒழுங்காக இருந்த ஒரு செல்வி இப்போது உடைந்துவிட்டார்: கொம்பு, புள்ளிவட்டம், அதன் பின் ச!

பட்டியல் முதலில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாம். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான். கொம்புக்கு n, ச-வுக்கு r, ஆக செ என்றால் nr. யாரோ சில பெயர்களை மட்டும் எழுத்துக்கு எழுத்து மாற்றி, வரிசையை அப்படியே விட்டிருக்கிறார்கள். உடைந்த பிடிஎஃபில் அந்தத் தப்பான வரிசைதான் சரியாகத் தெரிந்திருக்கிறது. கொம்பிலோ ஐகாரத்திலோ தொடங்கும் பெயர்களை இப்படிப் பிடித்தேன்:

```
for n in names:
    if '\u0bc6' <= n[0] <= '\u0bc8':
        print(n)
```

ஏழு பெயர் சிக்கின. கையாலேயே திருத்தினேன்.

இதோடு முடிந்தது என்று அச்சுக்கு அனுப்பவிருந்தேன். நல்லவேளை, ஒருமுறை புரட்டினேன். "கேணசன்" என்று ஒருவர். கணேசன்தான். நடுவில் வரும் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் புள்ளிவட்டமும் வராது, மேலே உள்ள சோதனையிலும் மாட்டாது. பழைய எழுத்துருவிலிருந்து வந்த பட்டியல் என்றால் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படித்தேன். இன்னும் இரண்டு கிடைத்தன.