லீடிங், கோயின்சிடென்ட், லேக்கிங்: பட்டியலை மனப்பாடம் செய்யாமல் படித்த விதம்

சிஎஃப்ஏ முதல் நிலை முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன், அப்பாடா. கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதுகிறோம், அதனால் இங்கே கேள்வி எதுவும் கிடையாது. பிசினஸ் சைக்கிள் பாடத்தில் பலரைப் படுத்தும் இண்டிகேட்டர் பகுதியை நான் எப்படிப் படித்தேன் என்பது மட்டும்தான். பொருளாதாரம் திரும்புவதற்கு முன்பே திரும்பும் எண் லீடிங், கூடவே திரும்புவது கோயின்சிடென்ட், பிறகு திரும்புவது லேக்கிங்.

வகுப்பில் மூன்று வண்ணங்களில் பட்டியல் கொடுத்து உருப்போடச் சொன்னார்கள். எனக்கு அது ஒத்துவராது. உங்களுக்கு வருமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். நான் ஒவ்வொரு இண்டிகேட்டரையும் எடுத்து, "இதற்குப் பின்னால் யாருடைய முடிவு இருக்கிறது, அதை மாற்றிக்கொள்வது அவருக்கு எவ்வளவு சுலபம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சுலபமாக மாற்றக்கூடியது முதலில் அசையும்.

வேலைச் சந்தை ஒன்றை வைத்தே மூன்று வகையையும் பிடித்துவிடலாம். ஒரு தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைகிறது. முதலாளி உடனே ஆளைக் குறைக்க மாட்டார், ஏனென்றால் பழகிய ஆளை விட்டால் பிறகு புதிதாகத் தேடிப் பழக்க வேண்டும். முதலில் ஓவர்டைமை வெட்டுவார். எனவே உற்பத்தித் துறையின் சராசரி வார வேலை நேரம் லீடிங். மந்தம் தொடர்ந்தால் சிலரை அனுப்புவார். அவர்கள் உதவித்தொகைக்கு முதல்முறையாக விண்ணப்பிக்கும் இனிஷியல் கிளெய்ம்ஸும் லீடிங். மொத்தமாக எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்ற பேரோல் எண்ணிக்கை கோயின்சிடென்ட். வேலையில்லாதவர்கள் சராசரியாக எத்தனை வாரம் வேலையின்றி இருக்கிறார்கள் என்பது லேக்கிங்.

கடைசி ஒன்றில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பத்துப் பேர் சராசரியாக 20 வாரமாக வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மந்தம் தொடங்கி, புதிதாகப் பத்துப் பேர் வேலை இழந்து 2 வாரம் ஆகிறது. இப்போது சராசரி 11 வாரம். நிலைமை மோசமாகும்போது எண் நன்றாகத் தெரிகிறது! மீட்சியிலோ இதற்கு நேர்மாறு. அண்மையில் வேலை இழந்தவர்களுக்கே முதலில் வேலை கிடைக்கும், நெடுநாள் காத்திருப்பவர்கள் மிஞ்சுவதால் சராசரி ஏறிக்கொண்டே போகும்.

2007-09 அமெரிக்க மந்தத்தில் இந்த வரிசையை அப்படியே பார்க்கலாம். அமெரிக்க மந்தங்களின் தேதியை அறிவிக்கும் அமைப்பான என்பிஈஆர் கணக்குப்படி உச்சம் 2007 டிசம்பர், அடிமட்டம் 2009 ஜூன். பங்குச் சந்தை 2009 மார்ச்சிலேயே தரைதட்டியது. இனிஷியல் கிளெய்ம்ஸின் உச்சமும் ஏறத்தாழ அப்போதுதான். தொழில் உற்பத்தி ஜூனில் திரும்பியது. வேலையின்மை விகிதம் அக்டோபரில்தான் 10 சதவீதத்தைத் தொட்டது. சராசரி வேலையின்மைக் காலம் 2011-ல் 40 வாரத்தைத் தாண்டியது. இதில் கோயின்சிடென்ட் என்று நாம் படிக்கும் பேரோல் ஏறத் தொடங்கியது 2010-ல்தான். ஆக, வகைப்பாடு என்பது பல சைக்கிள்களின் சராசரிப் பழக்கம். ஒவ்வொரு முறையும் அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அந்த அடிமட்டத்தை என்பிஈஆர் அறிவித்ததே 2010 செப்டம்பரில். அதுவரை காத்திருந்து முதலீடு செய்ய முடியாது என்பதால்தான் அனலிஸ்டுகள் மூன்றையும் சேர்த்துப் படிக்கிறார்கள்: லீடிங் திரும்பிவிட்டது, கோயின்சிடென்ட் இன்னும் விழுகிறது என்றால் அடிமட்டம் பக்கத்தில் இருக்கலாம், கோயின்சிடென்டும் திரும்பினால் அந்த ஊகம் உறுதிப்படும், லேக்கிங்கும் திரும்பினால் மீட்சி நன்றாக வேரூன்றிவிட்டது.

லீடிங்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? கான்ஃபரன்ஸ் போர்ட் என்ற ஆய்வு அமைப்பு லீடிங் இண்டிகேட்டர்களைச் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 2022-ல் இறங்கத் தொடங்கி 2023 முழுக்க இறங்கியது. யீல்ட் கர்வும் தலைகீழானது, அதாவது குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியைத் தாண்டியது. மந்தம் வரப்போகிறது என்றார்கள். ஆனால் பேரோல் ஏறிக்கொண்டே இருந்தது, என்பிஈஆரும் அந்த ஆண்டுகளில் மந்தம் எதையும் அறிவிக்கவில்லை. அந்தக் குறியீட்டில் சரக்கு உற்பத்தியின் பங்கு அதிகம், அப்போது பொருளாதாரத்தைத் தாங்கியதோ சேவைத் துறை.

அப்புறம், தேர்வுக்கு முந்தைய நாள் நான் புரட்டியவை:

- இனிஷியல் கிளெய்ம்ஸ் லீடிங், வேலையின்மைக் காலம் லேக்கிங். இரண்டிலும் வேலையின்மை வருவதால் குழப்பும். இரண்டும் ஏறினால் கெட்ட செய்தி, எனவே குறியீட்டில் தலைகீழாகச் சேரும்.
- இருப்பு-விற்பனை விகிதம் லேக்கிங். விற்பனை சட்டென்று விழும், கிடங்கு மெதுவாகத்தான் காலியாகும்.
- டிஃப்யூஷன் இண்டெக்ஸ் என்பது குறியீட்டின் உறுப்புகளில் எத்தனை சதவீதம் ஏறுகின்றன என்பது, மாறாததைப் பாதியாக எண்ண வேண்டும்: பத்தில் 6 ஏறி, 1 மாறாமல், 3 இறங்கினால் 65. மொத்தக் குறியீடு ஏறும்போது இது இறங்கினால், ஓரிரு உறுப்புகளே அதைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன.
- வங்கிகள் நம்பகமான வாடிக்கையாளர்களுக்கு வைக்கும் கடன் வட்டியான பிரைம் ரேட் லேக்கிங், பத்தாண்டு அரசுப் பத்திர வட்டிக்கும் வங்கிகளின் ஓரிரவுக் கடனுக்கான ஃபெட் ஃபண்ட்ஸ் வட்டிக்குமான இடைவெளி லீடிங். வட்டி என்று பார்த்ததும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.