புரட்டிப் போட்ட முக்கோணம்: ஃபூரியே விவரிப்பிகளோடு ஒரு சோதனை

அட்டையில் வெட்டிய உருவங்களைப் புகைப்படம் எடுத்து, எது எந்த உருவம் என்று கணினியைக் கொண்டு கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். உருவம் மேசையில் எங்கே கிடந்தாலும், கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஒரே எண்கள் வர வேண்டும். அதற்கு எல்லைக் கோட்டின் ஃபூரியே விவரிப்பிகளை எடுத்துக்கொண்டேன். சோதனைக்கு 3, 4, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம். அதன் விடைகளைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம் என்பதால் நிரலைச் சரிபார்க்க வசதியானது.

அடிப்படை எளிது. எல்லையில் இடஞ்சுழியாக நடந்துபோகும்போது ஒவ்வொரு புள்ளியையும் x + jy என்ற கலப்பெண்ணாக எழுதுகிறோம். ஒரு சுற்று முடிந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவதால் இது சுழற்சித் தொடர். ஃபூரியே உருமாற்றம் செய்தால் c(0), c(1), c(-1), c(2), c(-2) என்று கெழுக்கள் கிடைக்கும். c(1) ஒரு வட்டம். c(-1) சேர்ந்தால் அது நீள்வட்டமாகும். மற்றவை மூலைகளையும் நெளிவுகளையும் சேர்க்கின்றன.

உருவத்தை நகர்த்தினால் c(0) மட்டுமே மாறும். செங்கோண முனையை ஆதிப்புள்ளியில் வைத்து, 4 செ.மீ. பக்கத்தை x அச்சில் கிடத்தினால் c(0) = 1.5 + 1j. முக்கோணத்தின் நடுக்கோட்டுச் சந்தி (1.33, 1) அல்லவா என்று கேட்கத் தோன்றும். அது பரப்பின் மையம். இங்கே கிடைப்பது எல்லையை மட்டும் கம்பியாக வளைத்தால் வரும் மையம். எப்படியும் c(0)-ஐத் தூக்கி எறிந்துவிடப் போகிறோம்.

அளவைப் பெரிதாக்கினால் எல்லாக் கெழுக்களும் ஒரே மடங்கு பெருகும். எனவே |c(1)| ஆல் வகுத்தால் போதும். இந்த முக்கோணத்துக்கு |c(1)| 1.535 செ.மீ.; வகுத்த பிறகு |c(-1)| 0.331, |c(-2)| 0.207, |c(2)| 0.047.

தொடக்கப் புள்ளிதான் சுவையானது. செங்கோண முனையில் தொடங்காமல் 4 செ.மீ. தள்ளி அடுத்த முனையில் தொடங்குகிறேன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 12, 4 என்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 120 பாகை. c(1) 120 பாகை திரும்பும், c(2) 240 பாகை, c(3) 360 பாகை. அதாவது c(3) மாறவே மாறாது. c(-1) எதிர்த்திசையில் 120 பாகை. நீளங்கள் எதுவும் மாறுவதில்லை, கோணங்கள் மட்டும் ஒவ்வொன்றும் தன் வரிசை எண்ணின் மடங்கில் திரும்புகின்றன. உருவத்தையே சுழற்றினால் எல்லாமே ஒரே கோணத்தில் திரும்பும். ஆக, மட்டு மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லையும் ஒரே அடியில் ஒழிந்தன.

படத்திலிருந்து எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓபன்சிவி தரும் எல்லைப் புள்ளிகளை வந்தபடியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பிக்சலையும் ஓர் அடி என்று எண்ணினால், சாய்ந்த கோட்டுக்குக் குறைவான அடிகளே விழும். முக்கோணம் நேராகக் கிடந்தால் 5 செ.மீ. கர்ணத்துக்கு 4 செ.மீ.க்கு உரிய அடிகள்தான். மொத்தச் சுற்றில் 36 விழுக்காடு. அதே முக்கோணத்தைக் கர்ணம் படுக்கையாக வரும்படி திருப்பினால் 47 விழுக்காடு. உண்மையான பங்கு 42. சுழற்சியால் மாறாது என்று நம்பிய எண்கள் சுழற்சியால் மாறுவது இதனால்தான். எனவே முதலில் சம இடைவெளியில் 256 புள்ளிகளாக மறுபடி பிரித்துக்கொள்கிறேன். புள்ளிகளை `CHAIN_APPROX_NONE` கொடுத்து எடுக்கிறேன். `p` என்பது அப்படிக் கிடைத்த எல்லை:

```python
z = p[:,0,0] - 1j*p[:,0,1]
d = np.abs(np.diff(z, append=z[0]))
s = np.concatenate(([0], np.cumsum(d)))
t = np.arange(256) * s[-1] / 256
z = np.interp(t, s, np.append(z, z[0]))
c = np.fft.fft(z) / 256
b = c[3]*c[-1] / c[1]**2
```

முதல் வரியில் உள்ள கழித்தல் குறி, படத்தில் y கீழ்நோக்கி வளர்வதைச் சரிசெய்கிறது. எல்லை வலஞ்சுழியாக வந்திருந்தால் c(1)-உம் c(-1)-உம் இடம் மாறிவிடும். சிறிய எண்ணால் வகுத்து எல்லாமே வீங்கிப்போகும். இதைக் கண்டுபிடிக்க k|c(k)|² எல்லாவற்றையும் கூட்டி π ஆல் பெருக்கிப் பாருங்கள். அது உருவத்தின் பரப்பு. குறைஎண்ணாக வந்தால் திசை தவறு. நம் முக்கோணத்தின் பரப்பு 6. k இரண்டு வரை கூட்டினாலே 5.99 வந்துவிடுகிறது.

இனி கடைசி வரிக்கு வருவோம். அட்டை முக்கோணத்தைப் புரட்டிப் போட்டேன். மட்டு மதிப்புகளில் வேறுபாடே இல்லை, இருக்கவும் முடியாது. கண்ணாடிப் பிம்பத்தை மீண்டும் இடஞ்சுழியாகச் சுற்றினால் ஒவ்வொரு கெழுவும் தன் இணைக் கலப்பெண்ணாக மாறுகிறது. நீளம் அதே, கோணம் மட்டும் குறி மாறுகிறது. கோணங்களை மொத்தமாகக் கழித்துக் கட்டியதால் இடக்கை உருவமும் வலக்கை உருவமும் ஒன்றாகிவிட்டன.

கோஸ்டா கிரான்லுண்ட் 1972-இல் கையெழுத்து எழுத்துகளை அடையாளம் காண்பது பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு வழி இருக்கிறது. கோணங்களை எறியாமல், ஒன்றையொன்று அடித்துவிடும்படி பெருக்குகிறார். c(3)·c(-1)/c(1)² என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் புள்ளி நகர்ந்தால் மேலே 3 - 1 = 2 மடங்கு திருப்பம், கீழேயும் 2 மடங்கு. உருவத்தைச் சுழற்றினால் மேலே இரண்டு முறை, கீழே இரண்டு முறை. அளவும் அப்படியே அடிபடுகிறது. எஞ்சுவது உருவத்துக்கே உரிய ஒரு கலப்பெண்.

நம் முக்கோணத்துக்கு அது 0.0181 - 0.0034j. புரட்டிப் போட்டால் 0.0181 + 0.0034j. கற்பனைப் பகுதியின் குறியைப் பார்த்தே எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நீள்வட்டத்தின் நெட்டச்சு முனையைத் தொடக்கமாக நிலைநிறுத்தும் முறையும் உண்டு. ஆனால் அச்சுக்கு இரண்டு முனைகள்; எதை எடுப்பது என்ற குழப்பம் கூடவே வரும். சதுரத்துக்கு c(-1) சுழியம் என்பதால் அச்சே கிடையாது. படத்தின் இரைச்சல் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதுதான் அச்சு. பெருக்கல் முறையில் சதுரத்துக்குச் சுழியத்தை ஒட்டிய எண் வரும், அவ்வளவுதான். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

வரம்பும் உண்டு. 0.0034 சிறிய எண். மங்கலான படத்தில் மூலைகள் மழுங்கினால் எளிதில் தடுமாறும். அட்டையைப் பல கோணங்களில் திருப்பி வைத்துப் படமெடுத்து, கற்பனைப் பகுதி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் 0.0034-ஐ நெருங்கினால் குறியை நம்பக் கூடாது. இருசமபக்க முக்கோணத்துக்குப் புரட்டினாலும் அதே உருவம்தான் என்பதால் கற்பனைப் பகுதி சுழியம். அதை நெருங்கும் உருவங்களில் இந்தச் சிக்கல் கூடிக்கொண்டே போகும்.

அடுத்து மூன்று இதழ் காற்றாடியை வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று மடிப்புச் சமச்சீர் உள்ள உருவத்தில் c(1), c(-2), c(4), c(-5) என மூன்று மூன்றாகத் தள்ளியே கெழுக்கள் இருக்கும். c(3), c(-1) இரண்டுமே சுழியம். அதனால் மேலே சொன்ன பெருக்கல் இதற்கு உதவாது, c(4)·c(-2)/c(1)² தான் எடுக்க வேண்டும். நான்கு இதழ் என்றால் c(5)·c(-3).