உப்பு வாரும் ஓசையிலிருந்து ஒரு பாடகனின் அடையாளம்

மூன்று ஆண்டுகளில் ஆறு பாடல்களைச் சொந்தச் செலவில் வெளியிட்டிருந்தேன். அவற்றில் இரண்டைக் கேட்ட நண்பர் ஒருவர், இரண்டும் ஒரே ஆளின் பாடல்கள் என்பதை நான் சொன்ன பிறகுதான் அறிந்தார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு பாடல் மின்னிசைத் தாளத்திலும், அடுத்தது கிட்டாரோடு தனிக்குரலாகவும், மூன்றாவது பறையும் நாகசுரமும் சேர்ந்தும் இருந்தன. அட்டைப்படங்களை ஒவ்வொரு முறையும் கையில் அகப்பட்ட ஒரு நண்பர் செய்து கொடுத்திருந்தார். மேடையிலோ இவை எதுவும் இல்லாமல் ஒரு கிட்டாரும், கையால் தட்டும் மரப்பெட்டியான ஒரு கஹோனும் மட்டுமே இருக்கும். கச்சேரியில் என்னைக் கேட்டுப் பிடித்துப்போய் வீட்டுக்குச் சென்று தேடியவருக்கு, அங்கே கிடைத்தது வேறு ஒரு பாடகன்.

இதைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முதலில் கைவைத்தது பெயரில். என் பழைய மேடைப்பெயரில் ஒரு ‘ழ’ இருந்தது. தமிழில் அது அழகான எழுத்துதான், ஆனால் ஸ்ட்ரீமிங் செயலிகளில் நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அந்த ஓர் எழுத்தை ஒருவர் zh என்றும் ஒருவர் l என்றும் இன்னொருவர் lh என்றும் தட்டினார். போதாக்குறைக்கு, அதே எழுத்துக்கூட்டலில் வேறொரு நாட்டுப் பாடகரும் இருந்தார். பாடலை ஏற்றும்போது ‘உங்களுக்கு ஏற்கெனவே கலைஞர் பக்கம் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு என் ஸ்பாட்டிஃபை பக்கத்தின் இணைப்பைக் கொடுக்காமல் அவசரத்தில் தாண்டிவிட்டதால், என் இரண்டாவது பாடல் இரண்டு மாதங்கள் அவருடைய பக்கத்தில் கிடந்தது. அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

புதிய பெயருக்கு நான் வைத்த சோதனை மிக எளிது. பெயரை வாயால் மட்டும் சொல்லி, பத்துப் பேரிடம் ஆங்கிலத்தில் தட்டச் சொன்னேன். பத்துப் பேரும் ஒரே மாதிரி தட்டிய பெயரை வைத்துக்கொண்டேன். அதை இங்கே எழுதினால் கட்டுரை விளம்பரமாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். பழைய ஆறு பாடல்களில் இரண்டை மட்டும் புதிய பெயருக்கு மாற்றினேன். அப்போது ஒலிக்கோப்பையும், பாடலுக்கு உரிய பன்னிரண்டு எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டையும் மாற்றாமல் ஏற்றி, பழைய கேட்பு எண்ணிக்கை புதிய பதிவோடு சேர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை நீக்கினேன். வரிசையை மாற்றி முதலில் நீக்கியிருந்தால், எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும் ஆபத்து இருந்தது.

அடுத்துக் கதை. நான் தூத்துக்குடிக்காரன், என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவர். இதைச் சொன்னதும் ஓர் இணைய இதழ் நேர்காணலுக்கு வந்தது. வந்தவர்கள் கேட்டதெல்லாம் வெடித்த பாதங்களும் கூசிய கண்களும் வறுமையும்தான். நானும் வசதியாகச் சொல்லிவைத்தேன். வெளியான பிறகு அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்: “ஏய்யா, நான் உப்புதானே வாருனேன், உன் பாட்டுக்குப் பாவப்பட்டவளா நிக்கணுமா?” அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தக் கதையை அதே வடிவில் மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து அவரிடம் வேலையைப் பற்றி மட்டும் கேட்டேன். பாத்தியில் உப்பு விளைந்துவிட்டதா என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது என்றார். “விளைஞ்ச உப்புன்னா பலகை கரகரன்னு பேசும், விளையலேன்னா சவசவன்னு இழுக்கும்.” நான் தேடிக்கொண்டிருந்த கதையும் ஒலியும் அந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்தே இருந்தன. துயரத்தை விட்டுவிட்டு, காது தேர்ந்த ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

மார்ச் மாதத்தில் விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய், மரப்பலகையால் உப்பை வாரும் ஓசையைப் பதிவு செய்தோம். விடிந்து சிறிது நேரம் ஆனாலே கடற்காற்று மைக்கில் மோதி இரைந்தது. பயன்பட்டது முதல் நாற்பது நிமிடங்களின் பதிவு மட்டுமே. அதிலிருந்து நான்கு இழுப்புகளை வெட்டித் தாளத்துக்குள் பொருத்தினேன். முதல் ஆர்வத்தில் நான்கு புதிய பாடல்களிலும் எல்லா இடத்திலும் அதை வைத்தேன். கேட்டவர்களுக்கு மூன்றாவது பாடலிலேயே பல் கூசியது. பிறகு பாடலின் தொடக்கத்தில் ஓர் இழுப்பு, சரணத்துக்கு முந்தைய இடைவெளியில் ஓர் இழுப்பு என்று குறைத்துக்கொண்டேன். வாத்தியங்களையும் கிட்டார், கஹோன், வயலின் என்று மூன்றோடு நிறுத்தினேன். மேடைக்கு அழைத்துச் செல்ல முடியாத எதையும் ஒலிப்பதிவிலும் சேர்ப்பதில்லை என்ற அந்தக் கட்டுப்பாடு, இந்த ஒன்றரை ஆண்டில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் வலித்தது.

தொடக்கத்தின் நீளம் ஒரு தனித் தலைவலி. முதல் பாடலின் முகப்பில் பன்னிரண்டு விநாடிகளுக்கு உப்போசை மட்டும் இருந்தது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எத்தனை விநாடி தங்குகிறார் என்பதைக் காட்டும் வரைபடம், எட்டாவது விநாடிக்குள் செங்குத்தாக விழுந்தது. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடிகள் ஓடினால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்காகும். அத்துடன் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் கேட்புகளைத் தொடாத பாடலுக்கு அங்கே ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது. ஆகவே இரண்டாவது பாடலிலிருந்து முகப்பை மூன்று விநாடிகளாக வெட்டி, குரலைப் பத்தாவது விநாடிக்குள் கொண்டுவந்தேன். நீண்ட முகப்பை மேடைக்கு ஒதுக்கினேன். அங்கே யாரும் விரலால் தள்ளிவிட்டுப் போக முடியாது.

காட்சிக்கு உப்பின் வெண்மையையே எடுத்துக்கொண்டோம். மூவாயிரத்துக்கு மூவாயிரம் பிக்சல் சதுரத்தில், வெள்ளைப் பரப்பின் நடுவே ஒரு சிறு பலகை. கணினித் திரையில் அருமையாக இருந்தது. ஸ்பாட்டிஃபையின் கறுப்புப் பின்னணியிலும் பளிச்சென்று நின்றது. ஆப்பிள் மியூசிக்கின் வெள்ளைப் பின்னணியில் பார்த்தபோதோ சதுரத்தின் ஓரங்களே மறைந்துபோய், பலகை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. தேடல் பட்டியலில் நகத்தளவுக்குச் சுருங்கியபோது அதுவும் தெரியவில்லை. பாத்திக்கு அடியிலிருக்கும் களிமண்ணின் பழுப்பை, கீழ் ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குப் பட்டையாக இட்டபோது இரண்டும் தீர்ந்தன. நான்கு பாடல்களுக்கும் அந்தப் பட்டை ஒரே உயரத்தில் இருக்கும்; மேலே உள்ள பொருள் மட்டும் மாறும். பாடல் ஒலிக்கும்போது ஸ்பாட்டிஃபையில் சுழலும் சிறு காணொளிக்கு மூன்று முதல் எட்டு விநாடிகள்தான் இடம், ஒலியும் கிடையாது. அதில் பலகை இழுபடுவதை மட்டும் காட்டினோம். தொடங்கிய இடத்திலேயே இழுப்பு முடியும்படி வெட்டியதால், எங்கே சுழற்சி ஆரம்பிக்கிறது என்பது தெரியாது.

மேடையில் முதல் கச்சேரியே சொதப்பியது. உப்போசையைத் தாளக்காரர் மின்பலகையில் தட்டி ஒலிக்கச் செய்தார். சில நொடிகளில் அது நின்றுபோனது. பாடல் முடிந்ததும் ஒலிப்பொறியாளர் அக்கறையோடு வந்து, “தம்பி, ஏதோ ஒயர் கரகரன்னுச்சு, அந்த சேனல மூடிட்டேன்” என்றார். பின்னால் இருந்த எல்.இ.டி. திரையில் எங்கள் வெள்ளை அட்டைப்படம் முழுதாக எரிந்ததால் என் முகம் நிழலாகிவிட்டது. அன்று எடுத்த ஒரு படமும் தேறவில்லை.

இரண்டையும் சரிசெய்யும்போதுதான் சிதறிக் கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்தன. மின்பலகையை எடுத்துவிட்டு, இரண்டடி நீள மரத்தட்டில் கல்லுப்பைப் பரப்பி, தட்டின் அடியில் தட்டின் அதிர்வைப் பிடிக்கும் நாணய அளவுள்ள ஒரு பீசோ மைக்கை ஒட்டி, மேடையில் நானே பலகையால் வாரத் தொடங்கினேன். ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை இப்போது கூட்டம் பார்க்கிறது, ஒலிப்பொறியாளரும் பார்க்கிறார். இருந்தாலும், முன்கூட்டி அனுப்பும் சேனல் பட்டியலில் ‘உப்புத் தட்டு: கரகரப்பு வேண்டுமென்றே’ என்று எழுதி அனுப்புகிறோம். திரையில் வெள்ளையைத் தலைகீழாக்கி, இருட்டின் அடியில் அதே பழுப்புப் பட்டையை மட்டும் ஓடவிடுகிறோம். வீட்டில் அந்தப் பாடலைத் தேடுபவருக்கு முதலில் கண்ணில் படுவதும் அந்தப் பட்டையும் அந்தப் பலகையும்தான்.

உப்பு உடனே ஒத்துழைத்துவிடவில்லை. டிசம்பரில் சென்னையில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. அம்மா முதல் வரிசையில் இருந்தார். முடிந்ததும் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், “அது விளையாத உப்புய்யா” என்றார். உண்மைதான்: ஈரக்காற்றில் கல்லுப்பு நீர்கோத்து, ஓசை மழுங்கிப்போயிருந்தது. இப்போது கச்சேரியன்று காலையில் இரும்புச் சட்டியில் சூடாக்கி, மூடிபோட்ட டப்பாவில் கொண்டுபோய், ஒலிச்சோதனை முடிந்ததும் திரும்ப டப்பாவில் அள்ளிவிட்டு, நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் கொட்டுகிறோம். பீசோ மைக்கின் ஒயர் இணைப்பை உப்பு இரண்டு மாதத்தில் தின்றுவிட்டதால், அதன்மேல் மெழுகு பூசியிருக்கிறேன்.

புதிய பாடல்களை ஆறு வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டேன். பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு வெளிவராத பாடலை முன்மொழியும் படிவத்தில் ஐந்நூறு எழுத்துகள் எழுதலாம். குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பினால், நம்மைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுவெளியீட்டுப் பட்டியலில் அந்தப் பாடல் இடம்பெறும். முதல் பாடலுக்கு ‘மண் மணக்கும் உணர்ச்சிப் பாடல்’ என்று எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது அது. அடுத்ததில் அம்மா சொன்ன வாக்கியத்தையும், ஓசை பதிவான இடத்தையும், அடுத்த கச்சேரியின் ஊரையும் தேதியையும் எழுதினேன். ஆசிரியர்களின் பட்டியல் எதிலும் நான்கும் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே பத்தியைக் கச்சேரி அறிவிப்புக்கும் கலைஞர் பக்கக் குறிப்புக்கும் அப்படியே பயன்படுத்தினேன். மூன்று இடத்தில் மூன்று கதை சொல்வது அதோடு நின்றது.

எண்களை வாசிப்பதில் ஒருமுறை ஏமாந்தேன். கோயம்புத்தூரில் நானூறு பேர் கேட்பதாகக் கணக்குப் பக்கம் காட்டியதை நம்பி, நூற்றிருபது இருக்கைகள் கொண்ட அரங்கை வாடகைக்கு எடுத்தேன். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மாதக் கேட்பாளர் என்பது கடந்த இருபத்தெட்டு நாள்களில் ஒருமுறையாவது கேட்டவர்களின் எண்ணிக்கை. அதில் பலருக்கு யாரோ தொகுத்த பட்டியலில் என் பாடல் தானாக ஓடியிருக்கும், பெயர்கூடத் தெரிந்திருக்காது. இப்போது மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. அந்தப் பாடலைத் தம் நூலகத்தில் சேமித்தவர்கள் எத்தனை பேர், என் பக்கத்துக்கே வந்து கேட்டது எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பார்க்கிறேன். கச்சேரிக்கு அடுத்த மூன்று நாள்களில் அவை அசையவில்லை என்றால், மேடையில் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள். கோவையில் அன்று நான் பெயரைச் சொன்னது ஒரே முறை, அதுவும் கைதட்டலின் நடுவே. அடுத்த மாதம் அதே ஊரில் ஐம்பது பேர் உட்காரும் ஒரு மாடி அறையைப் பேசியிருக்கிறேன். உப்புத் தட்டின் முன்பக்கத்தில் பெயரைப் பெரிதாகப் பழுப்பு நிறத்தில் எழுதச் சொல்லித் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன்.